ஒரு ஐஸ் பெட்டி, ஒரு ரசீது, நான்கு நிமிடம்: பயனீட்டாளர் உரிமை வீடியோவுக்குக் கதைவசனம் எழுதுவது எப்படி

சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் எங்கள் முதல் பயனீட்டாளர் வீடியோவைத் திரையிட்டபோது, அது பதினொரு நிமிடம் ஓடியது. விலைப்பட்டியல், காலாவதித் தேதி, எடைக் குறைவு, உத்தரவாத அட்டை, இணைய மோசடி என்று எதையும் விடவில்லை. முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, "அப்படியானால் போன வாரம் வாங்கிய புடவையின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. கடையில் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்தானே?" என்று கேட்டார்.

முடியாது. பொருளில் பழுது இல்லாமல், மனம் மாறிவிட்டது என்பதற்காகக் கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று நம் மலேசியச் சட்டம் சொல்லவில்லை. வீடியோவில் நாங்களும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பதினொரு நிமிடம் பார்த்தவரின் மனத்தில் அதுதான் தங்கியிருந்தது. தவறு அவருடையதல்ல, எழுதிய என்னுடையது. அதன்பிறகு ஒரு வீடியோவுக்கு ஒரு கதை, ஒரு கதைக்கு ஒரே ஓர் உரிமை என்று வைத்துக்கொண்டேன். அந்த முறையில் எழுதிய ஐஸ் பெட்டிக் கதையை எடுத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து எப்படிக் கட்டினேன் என்று இங்கே சொல்கிறேன். கதையில் வரும் பெயர்கள் கற்பனை.

முதலில் அந்த ஒரே வாக்கியத்தை எழுதுங்கள்

காட்சியும் வசனமும் பிறகு வரட்டும். வீடியோ பார்த்தவர் மறுநாள் பஸ் நிறுத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் எது? முதலில் அதை எழுதிவிடுங்கள். என் வாக்கியம் இது: "வாங்கிய பொருள் பழுதானால், விற்ற கடையும் பொறுப்பு, 'கம்பெனியைக் கேளுங்கள்' என்று சொல்லிக் கடை ஒதுங்க முடியாது."

இந்த உரிமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. தோட்டப்புறப் பட்டணங்களில் ஐஸ் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், காற்றாடி எல்லாம் பெரும்பாலும் கடைத்தெருவில் உள்ள நான்கைந்து மின்சாதனக் கடைகளில்தான் வாங்கப்படுகின்றன. பழுதாகும்போது முதலில் காதில் விழும் பதில் "உத்தரவாதம் கம்பெனியுடையது, அங்கே போன் பண்ணுங்கள்" என்பதுதான். மக்கள் அதை நம்பிவிடுகிறார்கள்.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. விற்கப்படும் பொருள் ஏற்றுக்கொள்ளத்தக்க தரத்தில் இருக்கும் என்ற உறுதியை, யாரும் எழுதித் தராமலே, விற்பவர் தந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. கம்பெனி தரும் உத்தரவாத அட்டை அதற்கு மேல் வருவது. தயாரிப்பாளருக்கும் பொறுப்பு உண்டு என்பதால் கடையின் பொறுப்பு போய்விடாது. ரசீதின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருந்தாலும் அந்த உரிமையை அந்த வரி அழிக்காது.

வாக்கியத்தை எழுதியதும் அதன் எல்லையையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு எல்லைகள் முக்கியமாகப் பட்டன. ஒன்று, புடவை அம்மாவின் கேள்வி: பழுது இருக்க வேண்டும், மனம் மாறியது போதாது. மற்றொன்று, இந்தச் சட்டம் வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கானது. ஒருவர் தன் நாசி லெமாக் கடைக்கென்று வாங்கிய ஐஸ் பெட்டி வியாபாரத்துக்கானது. அது இந்தச் சட்டத்துக்குள் வருமா என்ற கேள்வி எழும். நான் எழுதிய முதல் வரைவில் கதாநாயகி வீட்டு வாசலில் பலகாரக் கடை வைத்திருந்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஐஸ் பெட்டி எதற்கு வாங்கியது என்ற குழப்பம் வந்துவிடும் என்பதால் கடையையே எடுத்துவிட்டேன். கதைக்கு அழகாக இருக்கிறதே என்று சேர்க்கும் ஒரு விவரம் சட்டத்தைக் கவிழ்த்துவிடக்கூடும்.

தவணையில் வாங்கியதாகவும் எழுதவில்லை. தவணை என்றால் வேறொரு சட்டம் உள்ளே வரும், நான்கு நிமிடத்தில் இரண்டும் அடங்காது. கதாநாயகி செல்வி அக்கா ரொக்கம் கொடுத்து வாங்குகிறார்.

அடுத்து, நாள் கணக்கு

கதைச் சுருக்கத்துக்கு முன் நான் எழுதுவது நாள் கணக்குதான். எந்த நாளில் என்ன நடந்தது, அதற்கு என்ன தாள் இருக்கிறது என்று இரண்டு விஷயங்களை மட்டும் குறித்துக்கொள்வேன். உரிமை கேட்டுப் போகிற யாரிடமும் முதலில் கேட்கப்படுவது இவைதான். கதையும் இவற்றின் மேல் நின்றால் பார்ப்பவருக்குத் தானாகப் பாடமாகும்.

முதல் நாள், தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு, செல்வி அக்கா 1,290 வெள்ளிக்கு ஐஸ் பெட்டி வாங்குகிறார். ரசீது தருகிறார்கள். பன்னிரண்டாம் நாள் காலையில் ஐஸ் தட்டில் தண்ணீர்தான் இருக்கிறது. அன்றே கடைக்குப் போகிறார். கடைக்காரர் மணியம் கம்பெனியின் எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். பதினாறாம் நாள் பழுது பார்ப்பவர் வந்து குளிர்வாயு நிரப்புகிறார், ஒரு சேவைத் தாளில் கையெழுத்து வாங்குகிறார். பத்தொன்பதாம் நாள், தீபாவளிக்குக் கோழியும் தயிரும் வாங்கி அடுக்கிய அன்று இரவே, பெட்டி மறுபடியும் குளிர்வதை நிறுத்துகிறது. மறுபடியும் கடை, மறுபடியும் அதே பதில்.

பழுது இரண்டு முறை வருவதைக் கவனித்திருப்பீர்கள். அது திருப்பம் வேண்டும் என்பதற்காக வைத்ததல்ல. சரிசெய்யக்கூடிய பழுது என்றால், சரிசெய்வதற்கு விற்றவருக்கு நியாயமான கால அவகாசம் தர வேண்டும் என்கிறது சட்டம். அவர் பழுது பார்க்கலாம், மாற்றுப் பொருள் தரலாம், பணத்தைத் திருப்பலாம். அவர் மறுத்தாலோ, நியாயமான காலத்தில் செய்யாவிட்டாலோ, பழுது சரிசெய்ய முடியாததாகவோ பெரியதாகவோ இருந்தாலோதான் பொருளை வேண்டாம் என்று திருப்பித் தரும் உரிமை வருகிறது. முதல் பழுதன்றே செல்வி அக்கா "புதுப் பெட்டி கொடு" என்று மேசையைத் தட்டும் காட்சியை எழுதினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் அதைப் பார்த்து நாளை கடைக்குப் போகிறவர் தோற்றுத் திரும்புவார்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பழுது தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையே போய்விடக்கூடும். அதனால்தான் ஐஸ் தட்டில் தண்ணீரைப் பார்த்த அன்றே அவர் கடைக்குப் போகிறார். இதை விளக்க வசனம் வேண்டாம். மழையில் குடை பிடித்துக்கொண்டு போவதைக் காட்டினாலே போதும்.

கதையின் முடிச்சை ஒரு பொருளில் வையுங்கள்

நான் அதிக நேரம் செலவழித்தது ரசீதின் மேல்தான். இப்போது பெரும்பாலான கடைகளில் தருவது வெப்பத்தாள் ரசீது. அதில் மை கிடையாது, தாளிலுள்ள வேதிப்பூச்சு சூட்டில் கறுத்து எழுத்தாகிறது. அதன் மேல் பசை நாடா ஒட்டினாலோ எண்ணெய் பட்டாலோ எழுத்து மெல்ல வெளிறிப்போகும். நம் வீடுகளில் ரசீதை எங்கே வைக்கிறோம்? பத்திரமாக இருக்கட்டும் என்று ஐஸ் பெட்டியின் பக்கவாட்டிலேயே பசை நாடாவால் ஒட்டி வைக்கிறோம்.

செல்வி அக்காவும் அதையே செய்கிறார். மூன்றாவது வாரம் உரித்து எடுக்கும்போது, நாடா ஒட்டிய இடத்தில் எழுத்து சாம்பல் நிறத்தில் மங்கியிருக்கிறது. அந்த இடம் ரசீதின் தலைப்பு. கடையின் பதிவுப் பெயரும் பதிவு எண்ணும் இருந்த இடம். இதுதான் முடிச்சு. ஏனென்றால் கடை இணங்காவிட்டால் நாம் போகும் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தின் படிவத்தில் எதிர்த்தரப்பாகக் கடைப் பலகையில் உள்ள பெயரை எழுதினால் போதாது. பலகையில் "மணியம் எலெக்ட்ரிக்" என்று இருக்கும், ரசீதில் வேறொரு பெயரும் "செண்டிரியான் பெர்ஹாட்" என்ற சொல்லும் இருக்கும். கோரிக்கை அந்தப் பதிவுப் பெயரின் மேல்தான் போக வேண்டும். பெயர் தவறினால் பிறகு திருத்தி அலைய நேரிடும்.

மகள் தர்ஷினி ஐந்தாம் படிவ மாணவி. வாங்கிய அன்று புதுப் பெட்டியின் முன் அம்மாவை நிறுத்திப் படம் எடுத்தவள், ரசீதையும் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறாள். கதை அங்கேதான் திரும்புகிறது. "ரசீதைப் படம் எடுத்து வையுங்கள்" என்று ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை. மங்கிய தாளும் கைப்பேசியில் உள்ள தெளிவான படமும் அருகருகே திரையில் வந்ததும் மண்டபத்தில் இரண்டு பேர் தங்கள் கைப்பைகளைத் திறந்து பார்த்ததை நான் கண்டேன்.

கடைக்காரரை எழுதுவது

ஒரு பட்டணத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கடைக்காரரை வேறு இனத்தவராகக் காட்டி வில்லனாக்கும் வழக்கம் நம் மேடை நாடகங்களில் உண்டு. அதைச் செய்யாதீர்கள். அது அநியாயம். அதோடு பார்ப்பவர் கோபம் இனத்தின் மேல் போய்விடும், உரிமை மறந்துவிடும். என் கதையில் கடைக்காரரும் தமிழர்தான், செல்வி அக்காவின் தம்பியோடு படித்தவர். கெட்டவர் அல்லர். கம்பெனிதான் பொறுப்பு என்று அவரும் உண்மையாகவே நம்புகிறார். அவர் நம்பி நியாயமாகப் பேசினால்தான் நம் வாக்கியத்துக்கு வேலை இருக்கும்.

கடைக் காட்சியை முழுதாகத் தருகிறேன். வசனத்தை எழுத்து வழக்கிலேயே எழுதி வைக்கிறேன், நடிப்பவர்கள் தங்கள் பேச்சு வழக்கில் சொல்லிக்கொள்வார்கள். சட்டம் வரும் வரிகளை மட்டும் அடிக்கோடிட்டு, சொல் மாறக் கூடாது என்று சொல்லிவிடுவேன். ஒரு படப்பிடிப்பில் "கடையும் பொறுப்பு" என்பதை நடிகர் "கடைதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். ஒரு சொல் மாறியதில் கம்பெனி தப்பித்துவிட்டது.

காட்சி 5. கடை, உள்ளே. மாலை. இருபதாம் நாள்.

படம்: கல்லாவின் மேல் செல்வி அக்கா மூன்று தாள்களை வரிசையாக வைக்கிறார்: ரசீதுப் படத்தின் அச்சு, உத்தரவாத அட்டை, சேவைத் தாள்.

மணியம்: "அக்கா, நான் பெட்டியை விற்றேன், செய்யவில்லையே. செய்தவனைக் கேளுங்கள்."

செல்வி: "கேட்டேன் தம்பி. வந்து பார்த்தார்கள். மூன்று நாள் ஓடியது. மறுபடியும் நின்றுவிட்டது."

மணியம்: (ரசீதின் அடிவரியைக் காட்டி) "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது. எழுதியிருக்கிறது பாருங்கள்."

படம்: அந்த வரி பெரிதாகத் தெரிகிறது. செல்வி அக்காவின் விரல் அதன் மேல் வந்து நிற்கிறது.

செல்வி: "நிறம் பிடிக்கவில்லை என்று நான் வரவில்லை தம்பி. பெட்டி குளிரவில்லை. பழுதான பொருளுக்கு இந்த வரி செல்லாது. கம்பெனி பொறுப்புதான், ஆனால் விற்ற கடையும் பொறுப்பு."

படம்: மணியம் பதில் சொல்லாமல் மின்விசிறியைப் பார்க்கிறார். செல்வி அக்கா ஒரு கடிதத்தைக் கொடுக்கிறார். பத்து நாளுக்குள் சரிசெய்யவோ மாற்றவோ கேட்கும் கடிதம். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்கிறார்.

இந்தக் காட்சி ஐம்பது நொடி. புடவை அம்மாவின் கேள்விக்கான பதில் "நிறம் பிடிக்கவில்லை என்று நான் வரவில்லை" என்ற ஒரே வரியில் வந்துவிடுகிறது. எல்லையை அறிவிப்பாளர் குரலில் சொன்னால் அது எச்சரிக்கைப் பலகைபோல ஒலிக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். பாத்திரத்தின் வாயில், வாதத்தின் நடுவே வந்தால் நினைவில் நிற்கும். கடிதத்தில் உள்ள "பத்து நாள்" சட்டம் சொல்லும் எண் அல்ல, செல்வி அக்கா வைத்த கெடு. பார்ப்பவர் அதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் "நியாயமான அவகாசம் என்று பத்து நாள் கொடுக்கிறேன்" என்று கடிதத்தின் வரி திரையில் தெரியும்படி வைத்தேன்.

தீர்ப்பாயத்தைக் காட்டுவது

பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம், மக்கள் வாயில் திரிபியூனல், உள்நாட்டு வாணிப அமைச்சின் கீழ் உள்ளது. பெயரைக் கேட்டதும் நீதிமன்றம், வழக்கறிஞர், செலவு என்று பயம் வந்துவிடும். அந்தப் பயத்தைப் போக்க எனக்கு இரண்டு தகவல்கள் போதுமானவையாக இருந்தன. கோரிக்கை பதிவுசெய்யக் கட்டணம் 5 வெள்ளி. பொதுவாக இரு தரப்பும் வழக்கறிஞர் இல்லாமல் தாங்களே பேச வேண்டும். ஐந்து வெள்ளி நோட்டு ஒன்று மேசையில் வைக்கப்படும் படத்தை மூன்று நொடி நிறுத்தினேன், வசனம் இல்லாமல்.

மற்ற விவரங்களில் எதை வைப்பது, எதை விடுவது என்று இங்கே கறாராக இருங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 50,000 வெள்ளி வரை கோரலாம். உரிமை எழுந்து மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். படிவம் 1ஐப் பதிந்தபின் அதன் நகலை எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பிக்க வேண்டும். அவர் பதில் சொல்ல 14 நாள் அவகாசம் உண்டு. இவை எல்லாம் சரியானவைதான். ஆனால் 1,290 வெள்ளிக்காரருக்கு 50,000 என்ற எண் எதற்கு? அதை வீடியோவின் கீழே வரும் குறிப்பில் போட்டேன். நகல் சேர்ப்பிப்பதை மட்டும் கதையில் வைத்தேன், ஏனென்றால் அதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். படிவத்தைக் கொடுத்துவிட்டால் எல்லாம் தானே நடக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். செல்வி அக்கா தபால் நிலையத்தில் பதிவுத் தபால் அனுப்பி, அதன் துண்டுச் சீட்டைத் தர்ஷினியிடம் நீட்டுகிறார். அவள் உடனே படம் எடுக்கிறாள். முன்பு வைத்த விதை இங்கே முளைக்கிறது.

படிவத்தை மகள் நிரப்ப, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தேதிகளைச் சொல்வதாக எழுதினேன். மலாய் மொழியில் எழுதத் தயங்கியே பலர் படிவத்தைத் தொடுவதில்லை. வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் அந்தத் தயக்கம் தீரும் என்பதை அந்தக் காட்சி காட்டிவிடுகிறது.

முடிவில் என்ன நடக்க வேண்டும்? ஈப்போவில் விசாரணை அறை. ஆள் உயர மேடை, சுத்தியல் எதுவும் வேண்டாம், சாதாரண மேசைதான். தலைவர் முதலில் இரு தரப்பையும் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்கிறார். மணியம் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மாற்றுப் பெட்டி தர ஒப்புக்கொள்கிறார். அந்த ஒப்புதல் தீர்ப்பாகவே பதிவாகிறது. சமரசம் என்றால் வெறும் வாய்ப்பேச்சு, பிறகு கடைக்காரர் மாறிவிடுவார் என்ற சந்தேகம் எழும் என்பதால் ஒரு வரி சேர்த்தேன்: "இதை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம்." கெட்டுப்போன கோழிக்கும் தயிருக்கும் இழப்பீடு கேட்க வழியுண்டு, ஆனால் நிரூபிக்க வேண்டும். செல்வி அக்கா அந்தப் பொருள்களின் ரசீதை எறிந்துவிட்டார். அதை அவர் வாயாலேயே ஒரு பெருமூச்சோடு சொல்ல வைத்தேன். எல்லாம் கிடைத்துவிட்டது என்று முடிப்பதைவிட, கையில் தாள் இல்லாத ஒன்று மட்டும் கிடைக்கவில்லை என்று முடிப்பது உண்மைக்கு நெருக்கமாக இருக்கிறது.

நீளத்தை அளப்பது

என் அனுபவத்தில் தமிழ் வசனம் இயல்பாகப் பேசும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல்லுக்கு மேல் போவதில்லை. இடையில் மௌனமும் படமும் வேண்டும். ஆகவே நான்கு நிமிட வீடியோவுக்கு முந்நூறு சொல்லுக்குள் வசனத்தை அடக்குகிறேன். முதல் வரைவு ஐந்நூறு வந்தது. வெட்டும்போது முதலில் போக வேண்டியவை பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் சட்டம் விளக்கும் வரிகள். "அம்மா, 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி..." என்று தர்ஷினி தொடங்கும் ஒரு நீண்ட பேச்சு இருந்தது, எனக்குப் பிடித்தும் இருந்தது. எந்த வீட்டிலும் மகள் அம்மாவிடம் அப்படிப் பேச மாட்டாள். எடுத்துவிட்டேன்.

படமாக்கும் முன் வாசித்துக் காட்டுங்கள்

கேமரா வருவதற்கு முன் மூன்று பேருக்குப் பிரதியைச் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். சட்டம் தெரிந்த ஒருவர், கடை வைத்திருக்கும் ஒருவர், இரண்டும் இல்லாத ஒருவர். வாசித்து முடித்ததும் "பிடித்திருந்ததா" என்று கேட்பதில்லை. "உங்கள் வீட்டுத் துவைக்கும் இயந்திரம் நாளை நின்றுவிட்டால் முதலில் எங்கே போவீர்கள், கையில் என்ன எடுத்துப் போவீர்கள்?" என்று கேட்பேன். கடைக்கு, ரசீதோடு என்று பதில் வந்தால் பிரதி வேலை செய்கிறது. "கம்பெனிக்கு" என்றோ "நேரே திரிபியூனலுக்கு" என்றோ வந்தால் எந்தக் காட்சி அவரை அங்கே அனுப்பியது என்று தேடுவேன்.

ஐஸ் பெட்டிப் பிரதியை அப்படி வாசித்தபோது, செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கள் வீட்டுப் பெட்டி மகள் ஈப்போவில் வாங்கி அனுப்பியது ஐயா. ரசீதில் அவள் பெயர்தான். அவள் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாள். நான் போய்க் கேட்டால் விடுவார்களா?" என்றார். அன்பளிப்பாகப் பெற்றவருக்கும் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. அன்றிரவே முதல் காட்சியை மாற்றி எழுதினேன். ஐஸ் பெட்டியை இப்போது செல்வி அக்கா வாங்குவதில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மூத்த மகன் ஊருக்கு வந்தபோது பணம் கட்டி அவருக்கு வாங்கித் தருகிறான். கடைக் காட்சியில் மணியத்துக்கு ஒரு வரி கூடியது: "ரசீது உங்கள் பெயரில் இல்லையே, அக்கா." செல்வி அக்காவுக்கும் ஒரு வரி கூடியது: "என் மகன் எனக்கு வாங்கிக் கொடுத்தது தம்பி. எனக்கும் கேட்கும் உரிமை இருக்கிறது."